‘தோழி கூற்று’ என்று எழுதியவர் யார்?

குறுந்தொகையின் 23ஆம் பாட்டு ஐந்தே அடி. அதில் யாரோ ஒருவர், குறி சொல்லும் முதிய பெண்ணொருத்தியை மூன்று முறை அழைக்கிறார். சங்குமணிச் சரம்போல வெளுத்து நீண்ட அவளுடைய கூந்தலைப் புகழ்கிறார். பாடு என்கிறார், நிறுத்திவிடாதே, இன்னும் பாடு என்கிறார், சற்றுமுன் அவருடைய நெடிய குன்றத்தைப் பாடினாயே, அதையே பாடு என்கிறார். பாட்டு அங்கே முடிந்துவிடுகிறது. இயற்றியவர் ஔவையார் என்பது தெரியும். குறிக்காரியை அழைத்துப் பேசுகிறவர் யார் என்பது பாட்டுக்குள் எங்கும் இல்லை.

பாட்டின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது. மகளின் மெலிவைக் கண்ட வீட்டார் கட்டுவிச்சியை வரவழைத்துக் குறி கேட்கிறார்கள், அந்த இடத்தில் தோழி அறத்தொடு நிற்கிறாள் என்பது அதன் சாரம். அதைப் படித்ததும் ஐந்தடிக்குள் ஒரு வீடே எழும்பிவிடுகிறது. முறத்தில் நெல்லைப் பரப்பிக்கொண்டு குறிக்காரி ஒவ்வொரு மலையாகப் பாடிக்கொண்டு போகிறாள். ஒரு மலை வந்தபோது பக்கத்தில் சோர்ந்து கிடக்கும் பெண்ணிடம் ஏதோ அசைகிறது. அதைப் பார்த்துவிட்ட தோழி, ‘அவருடைய மலையை மறுபடி பாடு’ என்கிறாள். பேச்சு குறிக்காரியிடம், சேர வேண்டிய இடமோ பக்கத்தில் நிற்கும் செவிலியின் காது. ‘அவரா, எவர்?’ என்று செவிலி கேட்க வேண்டும் என்பதற்காகவே ‘அவர்’ என்ற சொல் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

தலைவி வாயே திறக்கவில்லை. அவள் மனத்தில் இருந்தது சபைக்கு வந்துவிட்டது.

ஆனால் இத்தனையும் அந்தக் குறிப்பை நம்பினால்தான். குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு பாட்டைப் படித்துப் பாருங்கள். பேசுவது தலைவியாகவே இருக்கலாம். காதலனின் மலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்க மாட்டோமா என்று ஏங்குகிற பெண்ணின் குரலாகவும் அது ஒலிக்கும். அப்படியானால் ‘தோழி’ என்று எழுதியது யார்? எதை வைத்து எழுதினார்? சங்க அகப்பாடல்களில் தோழியின் பேச்சைப் படிக்கத் தொடங்கிய நான், இந்தக் கேள்வியைத் தாண்டாமல் ஓர் அடியும் வைக்க முடியாது என்று கண்டுகொண்டேன்.

அச்சில் குறுந்தொகை முதலில் வந்தது 1915இல், சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பாக. உ.வே. சாமிநாதையர் தம் உரையோடு 1937இல் பதிப்பித்தார். இந்தக் குறிப்புகளைப் பதிப்பாசிரியர்கள் புனைந்து சேர்க்கவில்லை. அவை ஏட்டிலேயே இருந்தவை. பிற்காலத்தில் எவா வில்டன் 2008இல் நற்றிணைக்கும் 2010இல் குறுந்தொகைக்கும் சுவடிகளை ஒப்பிட்டுத் திருத்தமான பதிப்புகளைக் கொண்டுவந்தபோது, பாட்டின் பாட வேறுபாடுகளோடு இந்தக் குறிப்புகளையும் சேர்த்தே ஆராய்ந்தார். ஆகவே இவை பழையவை என்பதில் தகராறு இல்லை. பாட்டைப் போலவே பழையவையா என்பதில்தான் தகராறு. இன்று கையில் இருக்கும் ஏடுகள் சில நூற்றாண்டுகளுக்குள் படியெடுக்கப்பட்டவை. பாட்டு பிறந்து பல தலைமுறை கழிந்தபின், தொகுத்தவரோ கற்பித்தவரோ, ‘இன்னார் இன்னாரிடம் இன்ன நிலையில் சொன்னது’ என்று எழுதிவைத்தார் என்று கொள்வதே பெரும்பாலோர் கருத்து. அதாவது நமக்குக் கிடைத்திருப்பது கவிஞரின் சொல் அல்ல, முதல் வாசகரின் வாக்குமூலம்.

அந்த வாசகருக்கும் நமக்கும் நடுவில் ஒரு பெரிய சாட்சி இருந்தது. குறுந்தொகையின் 380 பாட்டுக்குப் பேராசிரியர் உரை எழுதினார் என்றும், அவர் விட்டுவைத்த 20 பாட்டுக்கு நச்சினார்க்கினியர் எழுதினார் என்றும் பழைய சிறப்புப்பாயிரச் செய்யுள்களிலிருந்து தெரிகிறது. இரண்டு உரையும் இன்று இல்லை. கலித்தொகைக்கு நச்சினார்க்கினியர் உரை முழுதாகக் கிடைத்திருப்பதால், அங்கே தோழி ஏன் இப்படிப் பேசுகிறாள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டு. குறுந்தொகையில் அடிக்குறிப்பு ஒன்றுதான் மிச்சம்.

தொலைந்த உரையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எங்கள் பக்கத்து ஊர்தான் நினைவுக்கு வருகிறது. நான் இருப்பது புளியங்குடி. எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். ஏட்டுச்சுவடிக்கு யாரும் இங்கே வருவதில்லை. ஆனால் கிழக்கே சங்கரன்கோவில் போய் வடக்கே ராஜபாளையம் சாலையில் திரும்பினால் கரிவலம்வந்தநல்லூர் வரும். பால்வண்ணநாதர் கோயில் இருக்கும் ஊர். தென்காசிப் பாண்டியர் மரபில் வந்த வரதுங்கராம பாண்டியரின் ஏடுகள் அந்தக் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாமிநாதையர் அங்கே போனார். விசாரித்தபோது கிடைத்த பதிலைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பழைய ஏடுகள் கணக்குச் சுருள்களோடு குப்பையாகக் கிடந்தன. அவற்றை என்ன செய்வது என்று கேட்டபோது, நெய்யில் தோய்த்துத் தீயில் ஆகுதியாக இட வேண்டும் என்று சாத்திரம் சொல்வதாக யாரோ சொன்னார்கள். அப்படியே குழி வெட்டி, தீ வளர்த்து, முறைப்படி எரித்துவிட்டார்கள். எந்தெந்த நூல் எரிந்தது என்று பட்டியல் எடுத்தவர் இல்லை. குறுந்தொகை உரை அதில் இருந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது, சொல்லவும் கூடாது. நம் வட்டாரத்தில் ஏடு தேடுகிறவன் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் இந்தக் கதை ஒரு தடவை எதிரே வந்து நிற்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உரை கிடைக்காது என்றானபின் வேறு வழி பார்த்தேன். பேசுவது தோழிதான் என்று சந்தேகமே இல்லாத ஒரு பாட்டை எடுத்து, அவள் எப்படிப் பேசுகிறாள் என்று பழகிக்கொண்டு, அந்தப் பழக்கத்தோடு ஐயமுள்ள பாட்டுகளுக்கு வருவது. கையெழுத்து ஒப்பிடுகிறவர்கள் முதலில் ஐயமற்ற கையெழுத்து ஒன்றைத்தான் கேட்பார்கள். அப்படி ஒரு பாட்டு இருக்கிறது, 261 அடி நீளத்துக்கு.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தோழி செவிலியிடம் பேசும் ஒரே பேச்சு. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியது என்று அதன் குறிப்பு சொல்கிறது. அதை நம்பலாம், நம்பாமலும் போகலாம். பேசுகிறவள் யார் என்பதற்கு அந்தக் குறிப்பு வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே செவிலியைத் தாயே என்று விளித்து, ‘என் தோழி’யின் உடம்பை வாட்டும் நோய் என்று பேச்சை எடுக்கிறாள். தலைவியைத் தன் தோழி என்று சொல்கிறவள் தலைவியாக இருக்க முடியாது. செவிலியோடு அவளுக்கு என்ன உறவு என்றால், செவிலியின் மகளே தோழி என்று தொல்காப்பியம் சொல்கிறது. பெற்ற தாயிடம், உடன் வளர்ந்தவளின் களவைச் சொல்ல வந்திருக்கிறாள். எவ்வளவு பக்குவமாகச் சொல்ல வேண்டும்!

அந்தப் பக்குவத்தைப் பாருங்கள். முதலில் தாயின் கவலைக்கு இடம் தருகிறாள்: நீ யார் யாரையோ கேட்டுப் பார்த்தாய், தெய்வங்களைத் தொழுதாய், நோய் தீரவில்லை. அடுத்து, நான் அவளை வற்புறுத்திக் கேட்டேன் என்கிறாள். அப்போது தலைவி சொன்னது அப்படியே வருகிறது. அணிகலன் சிதைந்தால் மறுபடி செய்துகொள்ளலாம், பெயருக்குக் குறை வந்தால் அறிஞர்களாலும் மீட்க முடியாது என்று அவள் கலங்கினாள். நாங்கள் இருவரும் தேர்ந்துகொண்ட மணம் இது என்று வீட்டாருக்குத் தெரியப்படுத்தினால் பழி உண்டோ என்று கேட்டாள். தோழியின் பேச்சுக்குள் தலைவியின் வாக்குமூலம் பொதிந்திருக்கிறது. தலைவியே தாயிடம் வந்து இதைச் சொல்லியிருந்தால் துணிச்சல் ஆகியிருக்கும். தோழியின் வாய்வழியாக வரும்போது கலக்கமாகத் தெரிகிறது.

அதன்பின் தோழி அந்த நாளைச் சொல்கிறாள். தினை காக்க நீதான் எங்களை அனுப்பினாய் என்று மெல்ல ஒரு பங்குப் பொறுப்பைத் தாயின் பக்கமும் வைக்கிறாள். பரண் ஏறினோம், அருவியில் ஆடினோம், பூப்பறித்துப் பாறையில் குவித்தோம் என்று 99 பூக்களின் பெயர் வருகிறது. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்கும்போது, கிடைத்த ஏடுகளில் இந்தப் பூப்பட்டியலில்தான் இடைவெளி இருந்தது. தருமபுர ஆதீனத்தில் தேடி எடுத்த ஏடு ஒன்றால் அது நிரம்பியது. உதிர்ந்த மலர்கள் என்றே அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பதிப்பு 1889இல் வந்தது. பட்டியலை ஒரு புலமை விளையாட்டு என்று பலரும் கடந்துபோகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாயிடம் சொல்ல முடியாத ஒன்றை நோக்கிப் பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. போகிற வழியில் தோழி நிதானமாகப் பூ எண்ணுகிறாள். கேட்கிறவளுக்கு, குழந்தைகள் விளையாடித்தான் இருந்திருக்கிறார்கள் என்ற நிம்மதி வர வேண்டும். அது வந்தபின்தான் அவன் வரலாம்.

அவன் வேட்டை நாய்களோடு வருகிறான். பிறகு மதயானை வருகிறது. அது ஒன்றும் கட்டுக்கதை இல்லை. எங்கள் மேற்கு மலையடித் தோப்புகளில் இன்றும் யானை இறங்குகிறது, ஓடின ஓட்டத்தை விவசாயிகள் சொல்லக் கேட்கலாம். நாங்கள் ஒதுங்க இடம் தெரியாமல், நாணம் மறந்து அவன் பக்கம் ஓடி ஒண்டினோம், மயில்போல நடுங்கினோம் என்கிறாள் தோழி. இதுவரை எல்லாம் ‘நாங்கள்’தான். அவன் அம்பு எய்கிறான், யானை திரும்புகிறது. ஆற்றங்கரையில் தலைவி நடுங்கி நிற்க, அவன் அஞ்சாதே என்று அவள் நெற்றியைத் தடவுகிறான். அப்போது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான் என்கிறாள் தோழி.

அந்த ‘என் முகம்’ வரும் இடத்தில் நிறுத்திக்கொண்டேன். அச்சத்திலும் ஓட்டத்திலும் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். தழுவலுக்கு ஒரு கணம் முன்னால் ‘நாங்கள்’ பிரிந்து, தொடப்பட்டவள் ஒருத்தி, பார்த்து நின்றவள் ஒருத்தி என்று ஆகிவிடுகிறது. பழியில் பங்கு கொள்ளும்போது தோழி ‘நாங்கள்’ என்கிறாள். நோயும் காதலும் வரும்போது ‘அவள்’ என்று விலகி நின்று சாட்சி சொல்கிறாள். அவளுடைய கையெழுத்து இதுதான்.

இந்தக் கையெழுத்தோடு குறுந்தொகைக்குத் திரும்பினால், சில பாட்டுகள் உடனே தெளிவாகிவிடுகின்றன. 362ஆம் பாட்டு, வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தன் பாடியது. வெறியாட வந்த வேலனிடம் ஒரு கேள்வி. பலநிறச் சோற்றோடு ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு, ‘இவள்’ நெற்றியைத் தடவிப் படைக்கிறாயே, இவளை வருத்திய மலைநாடனின் மாலை அணிந்த மார்பும் இந்தப் பலியை உண்ணுமா? ‘இவள்’ என்ற சொல் இருப்பதால் பேசுகிறவள் நோயாளி அல்லள் என்பது பாட்டுக்குள்ளேயே உறுதியாகிவிட்டது. அடிக்குறிப்பு இல்லாவிட்டாலும் தோழி என்றே சொல்லியிருப்போம். கேள்வி வேலனுக்கு, சேதி தாய்க்கு. நோய்க்குக் காரணம் முருகன் இல்லை, ஒரு மனிதனின் மார்பு என்பது கிண்டலோடு கிண்டலாக வெளியே வந்துவிடுகிறது. ‘இவளுக்கு ஒருவன் இருக்கிறான்’ என்று நேரே சொன்னால் குற்றச்சாட்டு. பலியை மார்பு உண்ணுமா என்று கேட்டால், தாய் தானே கண்டுபிடித்ததாக ஆகிறது.

18ஆம் பாட்டிலும் இதே சொல் உண்டு. கபிலர் பாட்டு, இரவில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பும் தலைவனைத் தோழி வழியில் மறிக்கிறாள். வேரிலேயே பழுக்கும் பலா நிறைந்த மலையின் தலைவனே, காலம் கடத்தாமல் ஆவன செய் என்கிறாள். சிறு கொம்பில் பெரும் பழம் தொங்குவதுபோல, இவள் உயிர் மிகச் சிறியது, காதலோ பெரியது. இது யாருக்குத் தெரியும் என்று கேட்கிறாள். உவமையின் கூர்மை பழத்தில் இல்லை, கொம்பில் இருக்கிறது. அவன் மலையில் பலா வேரில் காய்க்கிறது. தரையே தாங்கிக்கொள்ளும், விழ வழியில்லை. இவள் பக்கத்தில் அதே பழம் சிறு கொம்பில். தலைவி எவ்வளவு விரும்புகிறாள் என்று சொல்வதோடு தோழி நிற்கவில்லை, எவ்வளவு நாள் தாங்குவாள் என்றும் கணக்குச் சொல்லிவிடுகிறாள். இதை அவனிடம் தலைவி சொல்லமாட்டாள். தன் வேட்கையைத் தலைவன் முன்னால் எடுத்துச் சொல்வது தலைவிக்கு இல்லை என்பது தொல்காப்பியக் களவியலின் விதி. அந்த விதி உண்டாக்கிய மௌனத்தில்தான் தோழி குடியிருக்கிறாள்.

அவள் பேசுவதற்கு முன்பு கண்டுபிடிக்கவும் வேண்டும். தலைவி முதலில் தோழியிடமே மறைக்கிறாள். அதே களவியல், தோழி களவை உணர்வதற்கு ஏழு தடயங்கள் சொல்கிறது: உடம்பில் புதிதாய் ஒரு மணம், மாறிய தோற்றம், மாறிய நடத்தை, உணவில் மாற்றம், செய்வதை ஒளிப்பது, போக்குவரவில் வேறுபாடு, ஓரிடத்திலேயே சுற்றுவது. இதைப் படித்தபோது, நான் செய்துகொண்டிருக்கும் வேலையை எனக்கு முன்னால் அவள் செய்துவிட்டாள் என்று தோன்றியது. பின்னாளைய திருக்கோவையாரில் நாண நாட்டம், நடுங்க நாட்டம் என்று தனித்தனிப் பகுதிகளே இருக்கின்றன. தலைவி வெட்கப்படும்படியோ நடுங்கும்படியோ எதையாவது சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்து உண்மையை எடுப்பது. குறுந்தொகையிலும் அதன் வேறு வடிவம் உண்டு. தோழி தலைவனைப் பழித்துப் பேசுவாள். தலைவிக்குப் பொறுக்காது, அவனுக்காகப் பரிந்து பேசிவிடுவாள். இயற்பழித்தல், இயற்பட மொழிதல் என்று இலக்கணக்காரர் பெயர் வைத்தார்கள். நிலத்தைவிடப் பெரிய நட்பு என்று பலர் மனப்பாடமாக வைத்திருக்கும் 3ஆம் பாட்டு, அப்படித் தோழி பழித்தபோது தலைவி சொன்ன மறுமொழி என்றே அடிக்குறிப்பு சொல்கிறது. அதன்படி பார்த்தால் தமிழின் மிகப் பெரிய காதல் அறிவிப்புக்கு முன்னால், ஏட்டில் இல்லாத ஒரு வசவு இருக்கிறது.

இனி ஐயமுள்ள பாட்டுகள். ஔவையாரின் 23ஆம் பாட்டில் ‘இவள்’ இல்லை. ‘அவர்’ மட்டும் இருக்கிறது. எங்கள் தெருவில் ஓர் ஆச்சியிடம் பாட்டின் கதையைச் சொல்லி, பேசினது யாராயிருக்கும் என்று கேட்டேன். குறி கேட்கிற வீட்டில் இளவயதில் உட்கார்ந்திருந்தவர். “ஆத்தாக்காரி பக்கத்துல இருக்கையில அந்தப் பிள்ள வாயத் தொறக்குமா ஐயா? கூட இருக்கவதான் எடுத்துக் கொடுப்பா” என்றார். பிறகு சற்று யோசித்து, “குறி சொல்றவளுக்கும் எடுத்துக் கொடுக்க ஆளு வேணும்லா” என்றார். இரண்டாவது வாக்கியத்தை எந்த உரையிலும் நான் பார்த்ததில்லை. குறிக்காரி பாடுவது முகம் பார்த்துத்தான். சபையில் யாரோ ஒருவர் ‘அதை மறுபடி சொல்லு’ என்றால் அவளுக்கும் வழி தெரிந்துவிடும். அப்படிப் பார்த்தால் தோழி ஒரே சொல்லில் இரண்டு பேருக்குச் சேதி அனுப்புகிறாள். ஆச்சியின் பேச்சு ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய பாட்டுக்குச் சான்று ஆகாது. அடிக்குறிப்பு எழுதியவர் ஏட்டை மட்டும் பார்த்து எழுதவில்லை, வீட்டையும் பார்த்திருப்பார் என்று நினைக்க அது இடம் தருகிறது.

இதைவிடக் கடினமான வழக்கு நற்றிணை 172. பாடியவர் பெயரும் தொலைந்துபோன பாட்டு. நற்றிணையை உரையோடு 1915இல் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் பதிப்பு தந்தது; பெயரில்லாத பாட்டுகள் அதில் பல, இது அவற்றில் ஒன்று. கடற்கரைத் தலைவனிடம் ஒரு பெண் பேசுகிறாள். விளையாட்டாக மணலில் அழுத்திய புன்னை விதையை மறந்து போய்விட்டோம், அது முளைத்தது, நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தோம். உங்களைவிடச் சிறந்தது, இது உங்கள் தங்கை என்று அன்னை சொன்னாள். அதனால் இதன் நிழலில் உம்மோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது. நீ அருள்வதானால் வேறு மரநிழல்களும் இருக்கின்றன.

மரத்தை உடன்பிறப்பாகப் பார்த்ததற்காக இந்தப் பாட்டு மேடைகளில் அதிகம் எடுத்தாளப்படுகிறது. பேசுகிறவர்களில் பலர் இதைத் தலைவி சொன்னதாகவே சொல்கிறார்கள். அடிக்குறிப்பு தோழி என்கிறது: பகலில் சந்திக்க வந்தவனைத் தோழி மணந்துகொள்ளச் சொல்லி வற்புறுத்துவது. உள்ளே ‘இவள்’ இல்லை. வெட்கப்படுகிறோம் என்ற பன்மைதான் இருக்கிறது. தலைவியும் தோழியைச் சேர்த்துக்கொண்டு ‘நாங்கள்’ என்று சொல்ல முடியும். பாட்டை மட்டும் வைத்து வழக்கு முடியாது.

அடிக்குறிப்பை வைத்து முடிக்கலாமா? இங்கேதான் வழுக்குகிறது. மணந்துகொள் என்று தலைவி நேரே கேட்க இலக்கணத்தில் இடம் இல்லை, ஆகவே இது தோழி என்று குறிப்பெழுதியவர் முடிவு செய்திருக்கலாம். அந்தக் குறிப்பையே எடுத்துக்கொண்டு, பாருங்கள், சங்கப் பாட்டில் தலைவி தன் ஆசையைச் சொல்வதே இல்லை என்று நாம் விதியை நிலைநாட்டுகிறோம். விதியைக் கற்றவர் எழுதிய சாட்சியத்தால் விதியை மெய்ப்பிப்பது சுற்றிச் சுற்றி வருகிற வேலை. தோழியின் கூற்று இத்தனை என்று புள்ளிவிவரம் போடுகிற ஆய்வேடுகள் பலவற்றில் இந்தச் சுற்று கவனிக்கப்படுவதே இல்லை. ‘இவள்’, ‘என் தோழி’ போன்ற அகச்சான்று உள்ள பாட்டுகளையும் குறிப்பை மட்டும் நம்பி நிற்கும் பாட்டுகளையும் தனித்தனியே வைத்து எண்ணியிருந்தால் அந்தக் கணக்குகளுக்கு இன்னும் மதிப்பு இருந்திருக்கும்.

172இல் நான் தோழியின் பக்கமே சாய்கிறேன். காரணம் விதி அன்று, குறிஞ்சிப்பாட்டில் பார்த்த கையெழுத்து. பழியும் வெட்கமும் வரும் இடத்தில் தோழி ‘நாங்கள்’ என்று தன்னையும் உள்ளே போட்டுக்கொள்வாள். தலைவி பேசினால் இது ஒரு சிணுங்கல். அடுத்த மரத்துக்குப் போவோம் என்பதோடு தீர்ந்துவிடும். தோழி பேசினால், அவனோடு சிரித்துப் பேசியவள் அவள் இல்லையே, பிறகு ஏன் அவளுக்கு வெட்கம் என்ற கேள்வி எழுகிறது. தலைவியின் நாணத்தைத் தன்னுடையதாகச் சொல்கிறாள். வாய்விட்டு மறுக்க முடியாத தலைவிக்காக அவள் மறுக்கிறாள். மறுப்பின் அடியில் இருப்பது வெறுப்பு இல்லை. அன்னை பார்த்து வளர்த்த மரம், அன்னை வைத்த பெயர், வீட்டின் கண் எட்டும் இடம் என்ற அச்சம். புன்னை அங்கே அன்னையின் ஆளாக நிற்கிறது. வீட்டுக்குத் தெரியாமல் தொடர முடியாது, வீட்டுக்குத் தெரிகிற வழியில் வா என்பதைத் தலைவி இதைவிட வெளிப்படையாகச் சொல்லியிருக்க முடியாது.

இப்படி ஒருவாறு தீர்ப்பு எழுதி வைத்தபின் குறிப்பின் கடைசிப் பகுதியை மறுபடி பார்த்தேன். வரைவு கடாதல் என்று சொல்லி முடித்தபின், சந்திக்கும் இடத்தை மாற்றச் சொல்வதாகவும் கொள்ளலாம் என்று அந்தப் பெயர் தெரியாத மனிதர் சேர்த்திருக்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். முதலாவது உண்மையானால், வேறு நிழல்களும் இருக்கின்றன என்பது குத்தல். எந்த நிழலும் வேண்டாம், மணந்துகொள் என்று பொருள். இரண்டாவது உண்மையானால் அது அழைப்பு. தலைவிக்கு அவனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, இந்த மரம் மட்டும்தான் தடை. தலைவியின் மனம் எந்தப் பக்கம் என்று தோழி சொல்லவில்லை. குறிப்பெழுதியவர் இலக்கணம் கற்றவர்தான், இருந்தும் ஒன்றை அடித்துவிட்டு மற்றதை வைக்கவில்லை. இரண்டையும் வைத்திருக்கிறார்.